நெல்லிக்காய் அளவுதான், ஆனாலும் கல்யாணம் வரை காத்திருக்க வேண்டாம்

*என் அம்மாவுக்கு 72 வயது. பெரம்பூரில் எங்களோடு இருக்கிறார். மெலிந்த உடம்பு, சர்க்கரையும் பிரஷரும் உண்டு. வலது தொடை இடுக்கில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. நெறி கட்டியிருக்கிறது என்று நினைத்து மூன்று மாதமாக யாரிடமும் சொல்லவில்லை. ஸ்கேனில் ஃபெமோரல் ஹெர்னியா என்று வந்திருக்கிறது. வலி துளியும் இல்லை. சர்ஜன் இரண்டு வாரத்துக்குள் ஆபரேஷன் என்கிறார். என் மாமனாருக்கு இதைவிடப் பெரிய ஹெர்னியா. எட்டு வருடமாக பெல்ட் போட்டுக்கொண்டு நடமாடுகிறார். அவருடைய டாக்டரே தொந்தரவு இல்லையென்றால் விட்டுவிடலாம் என்றார். தை மாதம் என் மகள் கல்யாணம். அதுவரை அம்மாவும் பெல்ட் போட்டுச் சமாளிக்க முடியாதா?*

*ஒரு வாசகி, பெரம்பூர்*

முடியாது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் உங்கள் மாமனாரின் டாக்டர் சொன்னதும் தப்பில்லை. இரண்டுக்கும் ஹெர்னியா என்று ஒரே பெயர் இருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

இடுப்பெலும்பின் முன்முனையை நீங்களே கை வைத்துத் தடவிப் பாருங்கள், புடவை செருகும் இடத்துக்குப் பக்கவாட்டில் தட்டுப்படும். அங்கிருந்து அடிவயிற்றின் நடு எலும்பு வரைக்கும் சாய்வாக ஒரு கெட்டியான நாண் ஓடுகிறது. வயிறு முடிந்து தொடை தொடங்கும் எல்லைக்கோடு அது. அந்தக் கோட்டுக்கு மேலே வயிற்றுச் சுவரில் பலவீனம் ஏற்பட்டு, குடலோ கொழுப்போ தள்ளிக்கொண்டு வந்தால் அது இங்குவினல் ஹெர்னியா. ஆண்களுக்கு வருவது பெரும்பாலும் இதுதான், நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் மாமனாருடையதும் இதுவாகத்தான் இருக்கும். உங்கள் அம்மாவுக்கு வந்திருப்பது கோட்டுக்குக் கீழே, தொடைப் பக்கம்.

காலிலிருந்து ரத்தத்தை மேலே கொண்டுவரும் பெரிய சிரை அந்த நாணுக்கு அடியில்தான் வயிற்றுக்குள் நுழைகிறது. நாம் நிற்கும்போதும் முக்கும்போதும் அந்தச் சிரை புடைக்கும். புடைக்க இடம் வேண்டுமே, அதற்காக அதன் உட்பக்கம் ஒரு சின்ன சந்து விட்டிருக்கிறது. நீளம் ஒன்றேகால் சென்டிமீட்டர், வாய் சுண்டுவிரல் நுனி நுழையும் அளவு. சாதாரணமாக அதில் கொஞ்சம் கொழுப்பும் ஒரு நிணநீர் முடிச்சும் அடைத்துக்கொண்டிருக்கும். மெலிந்துபோன வயதான பெண்களுக்கு அந்தக் கொழுப்பு கரைந்து சந்து காலியாகிவிடுகிறது. இடுப்பெலும்பு அகலமாக இருப்பதால் பெண்களுக்கு இந்தச் சந்தே சற்று விரிவானது. பிரசவங்கள், நாள்பட்ட இருமல், மலச்சிக்கலில் வருடக்கணக்காக முக்கியது எல்லாம் சேர்ந்து ஒருநாள் வயிற்றின் உள்சவ்வு ஒரு பை போல அதற்குள் இறங்கிவிடும்.

இனி அந்தச் சந்தின் சுவர்களைப் பாருங்கள். முன்னால் அந்த நாண். பின்னால் எலும்பு. உட்பக்கம் பிறைபோல் வளைந்த, கத்தி விளிம்பு மாதிரியான இன்னொரு நார். வெளிப்பக்கம் மட்டும் மெத்தென்று இருக்கிறது, அங்கே இருப்பது சிரை. ஆக, மூன்று பக்கமும் விட்டுக்கொடுக்காத சுவர். உங்கள் மாமனாருக்கு இருப்பது அகலமான வாசல். குடல் பகலில் இறங்கும், படுத்தால் தானே உள்ளே போய்விடும். கட்டி பெரிதாகத் தெரிவதற்குக் காரணமே வாசல் பெரிதாக இருப்பதுதான். அம்மாவுக்குக் கட்டி சின்னதாக இருக்கிறதென்றால் வாசல் சின்னது என்று அர்த்தம். ஹெர்னியாவில் பயப்பட வேண்டியது சின்ன வாசலுக்குத்தான்.

காலில் மெட்டி போட்ட விரல் வீங்கிப்போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். மெட்டி இறுக்க இறுக்க விரல் இன்னும் வீங்கும், வீங்க வீங்க மெட்டி இன்னும் இறுகும். சந்துக்குள் நழுவிய குடலுக்கும் அதே கதைதான். முதலில் ரத்தம் வெளியேறும் மெல்லிய நாளங்கள் நசுங்குகின்றன. உள்ளே வரும் ரத்தம் வந்துகொண்டேயிருக்கும், வெளியே போக வழியில்லை, குடல் வீங்குகிறது. கடைசியில் உள்ளே வருவதும் நின்றுபோகிறது. அதற்குப் பிறகு குடல் தாங்குவது சில மணி நேரம்தான். கறுத்து, அழுகி, ஓட்டை விழுந்துவிடும்.

1991-ல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், கட்டி தெரிந்த நாளிலிருந்து கணக்கெடுத்தார்கள். இங்குவினல் ஹெர்னியா இப்படி நெரிபடும் வாய்ப்பு மூன்று மாதத்தில் 2.8 சதவீதம், இரண்டு வருடத்தில் 4.5 சதவீதம். ஃபெமோரல் ஹெர்னியாவில் மூன்று மாதத்தில் 22 சதவீதம், 21 மாதத்தில் 45 சதவீதம். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை மட்டும் வைத்துச் செய்த கணக்கு என்பதால் நிஜத்தில் கொஞ்சம் குறைவாக இருக்கலாம் என்பது என் எண்ணம். பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் நான் என் அம்மாவை அந்தக் கணக்கில் உட்கார வைக்க மாட்டேன். உங்கள் அம்மா முதல் மூன்று மாதத்தைத் தாண்டிவிட்டாரே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், ஆனால் 22 என்பது 45 ஆகிறதே, அது அதற்குப் பிந்தைய மாதங்களில்தான்.

மாமனாரின் டாக்டர் சொன்ன அறிவுரைக்கும் ஆதாரம் உண்டு. 2006-ல் அமெரிக்காவில், தொந்தரவில்லாத இங்குவினல் ஹெர்னியா உள்ள 720 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப்பேருக்கு ஆபரேஷன் செய்து, மீதிப்பேரைச் சும்மா விட்டுப் பார்த்தார்கள். விட்டவர்களுக்குப் பெரிய ஆபத்து எதுவும் வரவில்லை. அன்றிலிருந்து ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்வது சகஜமாகிவிட்டது. ஆனால் அந்த 720 பேரும் ஆண்கள். ஒரு பெண்கூட அதில் இல்லை. ஃபெமோரல் ஹெர்னியாவுக்கு அந்த முடிவை எடுத்துப் போட முடியாது, 2018-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதலும் இதைத் தள்ளிப்போடாமல் சரிசெய்யத்தான் சொல்கிறது.

வலியில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, என்னை மிகவும் யோசிக்க வைப்பது அதுதான். நான் முதுநிலை படிக்கும்போது ஓர் இரவு டியூட்டியில் பார்த்த ஒரு பாட்டியைச் சொல்கிறேன். வயது 74, உங்கள் அம்மா மாதிரியே ஒல்லி. வியாழக்கிழமை சாயந்திரம் வயிறு பிசைந்திருக்கிறது, இரண்டு தடவை வாந்தி. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் ‘கேஸ்’ என்று ஊசி போட்டு, அசிடிட்டி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை காலையில் கொஞ்சம் மலம் போயிருக்கிறது. சரி, அடைப்பில்லை என்று வீட்டில் நிம்மதியாகிவிட்டார்கள். ஓம வாட்டர், சீரகக் கஷாயம் எல்லாம் நடந்தது. சனிக்கிழமை ராத்திரி எங்களிடம் வந்தபோது வாந்தி பச்சையைத் தாண்டிப் பழுப்பாகியிருந்தது, வயிறு உப்பியிருந்தது, நாக்கு காய்ந்திருந்தது. நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயில் குடல் வளையங்கள் படிக்கட்டு மாதிரி அடுக்கடுக்காகத் தெரிந்தன. குடல் அடைப்பு என்று புரிந்தது, எதனால் என்று புரியவில்லை. வயிற்றில் பழைய ஆபரேஷன் தழும்பு ஏதும் இல்லை.

சீனியர் வந்தார். என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “இடுக்கைப் பார்த்தியா?”

பார்க்கவில்லை. வயிற்றை அழுத்திப் பார்த்தேன், ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டேன், உள்பாவாடை நாடாவை அவிழ்க்கச் சொல்ல எனக்கும் கூச்சம், பாட்டிக்கும் கூச்சம். அவிழ்த்துப் பார்த்தபோது வலது தொடை இடுக்கில், தோல் மடிப்புக்குள், கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி. தொட்டால்கூடப் பெரிதாக வலிக்கவில்லை. “அது ரொம்ப நாளா இருக்குற நெறி, டாக்டரம்மா,” என்றார் பாட்டி.

திறந்து பார்த்தபோது சந்துக்குள் குடல் முழுசாக மாட்டியிருக்கவில்லை. குடல் குழாயின் ஒரு பக்கச் சுவர் மட்டும், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு, உள்ளே இழுபட்டு நெரிந்திருந்தது. இதற்கு ரிக்டர் ஹெர்னியா என்று பெயர். குழாயின் மறுபாதி திறந்தே இருப்பதால் ஆரம்பத்தில் மலமும் காற்றும் போய்க்கொண்டிருக்கும், மாட்டிய இடம் மட்டும் சத்தமில்லாமல் செத்துக்கொண்டிருக்கும். குறுகிய வாய் என்பதால் ஃபெமோரல் ஹெர்னியாவில் இது மற்ற ஹெர்னியாக்களைவிட அதிகம். வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்து, ஆக்சிஜன் கொடுத்து, நிறம் திரும்புகிறதா என்று காத்திருந்தோம். சுற்றியிருந்த கருஞ்சிவப்பு மெல்ல இளஞ்சிவப்பானது. நடுவில் அந்த நாணய வட்டம் மட்டும் சாம்பல் கலந்த கறுப்பாகவே நின்றது, கிள்ளினால் அசையவில்லை. ஒரு சாண் குடலை வெட்டி எடுத்து இரு முனைகளையும் தைக்க வேண்டியதாயிற்று. பாட்டி பிழைத்தார். ஆனால் காயத்தில் சீழ், நெஞ்சில் சளி என்று மூன்று வாரம் வார்டில் கிடந்தார். வியாழக்கிழமையே யாராவது அந்த நாடாவை அவிழ்த்துப் பார்த்திருந்தால் மூன்றாம் நாள் வீட்டுக்குப் போயிருப்பார்.

இந்த வயதில் ஆபரேஷன் தேவையா என்று பலரும் கேட்பார்கள். அதைவிட முக்கியம், ஆபரேஷன் நாம் பார்த்து வைத்த நாளில் நடக்கிறதா, நடுராத்திரியில் நடக்கிறதா என்பதுதான். ஸ்வீடனில் நாட்டு அளவில் ஹெர்னியா ஆபரேஷன்களைப் பதிவு செய்கிறார்கள். அதில் சுமார் 4,000 ஃபெமோரல் ஆபரேஷன்களை எடுத்துப் பார்த்து 2009-ல் வெளியிட்டார்கள். திட்டமிட்டுச் செய்துகொண்டவர்களின் இறப்பு விகிதம், அதே வயதுள்ள சாதாரண மக்களுடையதைத் தாண்டவில்லை. அவசரமாகச் செய்யப்பட்டவர்களுக்கு அது பத்து மடங்கு. அவசரத்தில் வந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குக் குடலை வெட்ட வேண்டி வந்தது. சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறதே என்ற உங்கள் கவலை, தள்ளிப்போடுவதற்கான காரணம் அல்ல. அவை கட்டுப்பாட்டில் இருக்கும் ஒரு நாளாகப் பார்த்துச் செய்துவிடுவதற்கான காரணம்.

பெல்ட் விஷயம். மாமனாருக்கு அது வாசலை வெளியிலிருந்து அழுத்திப் பிடிக்கிறது. தொடை இடுக்கில் அப்படிப் பிடிக்க முடியாது. உட்கார்ந்து எழுந்தாலே பெல்ட் நகர்ந்துவிடும். உங்கள் அம்மாவின் கட்டி படுத்தாலும் உள்ளே போவதில்லை என்றால், அதன்மேல் பெல்ட் கட்டுவது மாட்டிக்கொண்டிருப்பதை மேலும் நசுக்குவதுதான். எண்ணெய் தடவி உருவிவிடுவதும் வேண்டாம், உள்ளே தள்ளிப் பார்ப்பதும் வேண்டாம். வலுவாகத் தள்ளினால் சில சமயம் கட்டி மறைந்துவிடும், ஆனால் நெரிக்கும் வளையத்தோடு சேர்ந்தே உள்ளே போயிருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே அழுகல் நடந்துகொண்டிருக்கும்.

ஆபரேஷன் என்ன என்றால், பையில் இறங்கியிருப்பதை உள்ளே அனுப்பிவிட்டு, சந்தின் வாயை வலையால் மூடுவது. தொடை இடுக்கில் சின்னக் கீறல் போட்டுச் செய்யலாம், லாப்ராஸ்கோப்பியிலும் செய்யலாம். பெண்களுக்கு லாப்ராஸ்கோப்பி நல்லது என்று வழிகாட்டுதல் சொல்கிறது, உள்ளிருந்து பார்க்கும்போது மேல்வாசல், கீழ்வாசல் இரண்டும் தெரியும் என்பதால். ஆனால் அதற்கு முழு மயக்கம் வேண்டும். அம்மாவின் இதயமோ நுரையீரலோ அதற்கு ஒத்துவராது என்று மயக்க மருந்து டாக்டர் சொன்னால், முதுகில் ஊசி போட்டோ, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தோ திறந்த முறையில் செய்துகொள்ளலாம். அதில் ஒன்றும் குறைவில்லை. உங்கள் சர்ஜனுக்கு எது நன்றாகக் கைவந்ததோ அதையே செய்யட்டும், அந்த முடிவை அவரிடம் விட்டுவிடுங்கள்.

போகும்போது அம்மாவின் மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், பெயர் சொல்லிப் புரியவைக்க முயற்சி செய்யாதீர்கள். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரியான சர்க்கரை மாத்திரைகளை மூன்று நாலு நாள் முன்னாலேயே நிறுத்த வேண்டும், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை இருந்தால் எப்போது நிறுத்துவது என்று டாக்டர்தான் முடிவு செய்வார். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். செலவு ஒரு தடையாக இருந்தால், உங்களுக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. அறுவை சிகிச்சை வெளிநோயாளர் பிரிவுக்கு ஸ்கேன் ரிப்போர்ட்டோடு காலையிலேயே போய்விடுங்கள். தனியாரில் செய்வதென்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் தேதி வரும்வரை ஒரு விஷயத்தில் மட்டும் வீட்டில் எல்லோரும் விழிப்பாக இருங்கள். கட்டி திடீரென்று கல் மாதிரி ஆனாலோ, வலித்தாலோ, மேல்தோல் சிவந்தாலோ, உடனே கிளம்ப வேண்டும். கட்டியில் எந்த மாற்றமும் இல்லாமல், வயிறு விட்டுவிட்டுப் பிசைந்து வாந்தி வந்தாலும் அப்படியேதான். மலம் போயிற்றே என்று சமாதானமாகாதீர்கள், அந்தப் பாட்டியின் கதை உங்களுக்கு ஞாபகம் இருக்கட்டும். பேதி மாத்திரை, எனிமா, கஷாயம், ஒரு வாய் காபிகூட வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு அறுவை சிகிச்சை நடக்கும் ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள். அங்கே முதல் டாக்டரிடம் முதல் வாக்கியமாக, “அம்மாவுக்குத் தொடை இடுக்கில் ஹெர்னியா இருக்கு,” என்று சொல்லுங்கள். வாந்தி, வயிற்றுவலி என்று ஆரம்பித்தால் கேஸ் ஊசியில்தான் போய் நிற்கும். ஸ்கேன் ரிப்போர்ட்டை போனில் படமெடுத்து வீட்டில் எல்லோருக்கும் அனுப்பி வையுங்கள்.

இப்போது கல்யாணக் கணக்கு. இது ஐப்பசி. சர்ஜன் சொன்ன இரண்டு வாரத்தில் முடிந்துவிட்டால், சிக்கல் ஏதும் இல்லாதவரை ஒன்றிரண்டு நாளில் வீடு, அன்றே எழுந்து நடமாட்டம், ஒரு வாரத்தில் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்வார். நாலிலிருந்து ஆறு வாரம் தண்ணீர்க் குடம், கிரைண்டர் கல், அரிசி மூட்டை எதையும் தூக்கக்கூடாது, முக்காமல் மலம் போகிற மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும். கார்த்திகை தீபத்துக்கு அகல் ஏற்ற அவரே வருவார். தையில் பேத்திக்குப் புடவை கட்டிவிடுவதற்கும் ஒரு தடையும் இருக்காது. சீர்த்தட்டைத் தூக்குவது மட்டும் வேறு யாராவது.